தனுஷ்கோடி போய் வந்த பிறகு: பிளஸ் டூ வரலாற்றுக் கேள்விகள்

ஐந்தில் மூன்றுக்கு எழுதினால் போதும். இரண்டாவதை மட்டும் யாரும் விடக்கூடாது. போனில் பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும், போன வருடமே தெரிந்தது.

1. இடிந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவரைத் தொட்டுப் பார்த்தோம். பத்தடி தள்ளி சங்கு மாலைக் கடை. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் அழிந்த ஊர் இது. அந்தச் சுவர் நினைவுச்சின்னமா, செல்ஃபி எடுக்கும் இடமா? கடையை அப்புறப்படுத்தச் சொல்பவர்கள், கடைக்கார அக்காவின் பிழைப்புக்கும் வழி எழுத வேண்டும்.

2. அன்றிரவு பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை அலை கொண்டுபோனது. இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். சரியாக எத்தனை பேர் என்றால் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர் எந்தக் கணக்கில் வருவார்? வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பெயர்கள் உள்ளன. அதே போரில் செத்த வியட்நாம் ஊர்மக்களுக்கு அதில் இடமில்லை. யாருக்குப் பெயர் கிடைக்கிறது, யார் வெறும் எண்ணாக நின்றுவிடுகிறார்?

அப்புறம், உங்கள் சொந்தத்தில் அல்லது தெருவில் புயலில் போனவர் ஒருவரைப் பற்றிப் பெரியவர்களிடம் கேளுங்கள். பெயர், என்ன வேலை பார்த்தார், கடைசியாக யார் பார்த்தது. சொல்லும்போது அழுதுவிட்டால் நோட்டை மூடிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுங்கள். பதில் பாதியில் நின்றாலும் முழு மார்க்.

3. ஜப்பானில் அநெயோஷி என்ற சிற்றூரில் 1933 சுனாமிக்குப் பிறகு ஒரு கல் நட்டார்கள்: இதற்குக் கீழே வீடு கட்டாதே. 2011-இல் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது. இங்கே அரசு, வாழத் தகுதியில்லாத ஊர் என்றே அறிவித்தது. அப்படியும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு இருக்கின்றன. கல்லின் பேச்சைக் கேட்க, கல்லுக்கு மேலே நிலம் வேண்டாமா?

4. யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டது, பிறகு பழைய தோற்றத்திலேயே கட்டினார்கள். ஹிரோஷிமாவில் அணுகுண்டில் சிதைந்த ஒரு கட்டடத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். தனுஷ்கோடி ரயில் நிலையத்துக்கு எது சரி?

5. ஜெர்மனியும் பிரான்சும் மூன்று முறை சண்டை போட்ட நாடுகள். 2006-இல் இரண்டு நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவான வரலாற்றுப் புத்தகம் ஒன்று வந்தது. மண்டபம் முகாமைப் பற்றி ராமேசுவரத்திலும் தலைமன்னாரிலும் ஒரே பாடம் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளும் அதன் வழியாகப் போனார்கள், 1983-க்குப் பிறகு தப்பி வந்த அகதிகளும் அங்கேதான் தங்கினார்கள். பாடத்தின் முதல் பத்தியை எழுதுங்கள். 'அகதி' என்ற சொல்லைப் போடுவீர்களா? முகாமில் பிறந்து உங்கள் பக்கத்து பெஞ்சில் உட்காரும் பிள்ளையிடம் படித்துக் காட்டிவிட்டு, பிறகு கொடுங்கள்.