வேளாண் அறிவியல்: மண், பயிர் சுழற்சி, உரம் – திருப்புதல் தேர்வு விடைகள்

பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு

திருப்புதல் தேர்வில் கேட்ட கேள்விகளுக்கு இங்கே முழு விடை தருகிறேன். விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒன்று கவனித்தேன். புத்தகத்து வரியை அப்படியே எழுதியவர்கள்கூட, சொந்த ஊர் நிலத்தைப் பற்றிக் கேட்ட இடத்தில் தடுமாறியிருக்கிறீர்கள். அதனால் விடைகளில் நம் ஊர் மண்ணையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

1. இராமநாதபுரம் கடலோரத்தில் காணப்படும் மண் வகைகளை விளக்குக. (5 மதிப்பெண்)

கடலில் இருந்து உள்ளே நடந்து வருவதுபோல் எழுதினால் மறக்காது. முதலில் வருவது கடற்கரை மணல். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் தீவுப் பகுதிகளில் இதுதான். துகள் பெரியது, தண்ணீரும் உரமும் நிற்காமல் கீழே இறங்கிவிடும். தென்னை, பனை, சவுக்கு நன்றாக வரும். இந்த மணலுக்கு அடியில் மழையால் சேர்ந்த நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். கடலுக்குப் பக்கத்தில் ஊற்றுத் தோண்டினாலும் குடிக்கத் தண்ணீர் கிடைப்பது இதனால்தான். பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சினால் மேலே உள்ளது தீர்ந்து, கீழே உள்ள உப்பு ஏறி வரும்.

அடுத்து உவர் நிலங்கள். கழிமுகம், உப்பங்கழி ஓரங்களிலும் தாழ்வான களிமண் வயல்களிலும் வெயில் காலத்தில் மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சாயல்குடி பக்கம் சிவந்த தேரி மணல் உண்டு. காற்றடித்தால் இடம் மாறும். கடலை விட்டு விலகிக் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் போனால் கரிசல். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். கண்மாய்க்குள் படிவது வண்டல். நம் ஊரில் கரம்பை என்று வண்டியில் அள்ளி வயலில் கொட்டுகிறார்களே, அதுதான்.

2. உவர் மண், களர் மண் வேறுபடுத்துக. சீர்திருத்தும் முறைகளையும் எழுதுக. (5 மதிப்பெண்)

வகுப்பில் பாதிப் பேர் இரண்டும் ஒன்றே என்று எழுதியிருக்கிறீர்கள். உப்பு இருப்பது ஒரு நோய், சோடியம் ஒட்டிக்கொண்டிருப்பது வேறொரு நோய். மருந்தும் வேறு.

உவர் மண்ணில் கரையும் உப்புகள் அதிகம். மின்கடத்து திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டும். கார அமில நிலை 8.5-க்குக் கீழேயும், மாற்றுச் சோடியம் 15 சதவீதத்துக்குக் கீழேயும் இருக்கும். மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாமல் பயிர் வாடும். மேலே வெள்ளைப் பூப்பு தெரியும்.

களர் மண்ணில் மின்கடத்து திறன் 4-க்குக் கீழே. ஆனால் கார அமில நிலை 8.5-க்கு மேல், மாற்றுச் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல். சோடியம் களித் துகள்களைப் பிரித்துவிடுவதால் மண் இறுகிப்போகும். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது; பல நாள் குட்டையாகவே நிற்கும்.

போன மாதம் ஜன்னல் ஓரத்தில் இரண்டு பாட்டில் வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டிலும் ஒரே அளவு மண், ஒரே அளவு மழைத் தண்ணீர். நன்றாகக் குலுக்கிவிட்டு வைத்தோம். ஒன்றில் சாயங்காலத்துக்குள் மண் அடியில் தங்கி மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. இன்னொன்று மறுநாள் காலையிலும் டீ மாதிரி கலங்கலாகவே இருந்தது. கலங்கலாக நின்றது சோடியம் பிரித்த களி. அதாவது களர் மண். ஆய்வுக்கூடம் போவதற்கு முன் இது நல்ல அறிகுறி. அறிகுறி மட்டும்தான், விடையில் இதை ஆய்வு முடிவு என்று எழுதிவிடாதீர்கள்.

சீர்திருத்தம்: உவர் நிலத்துக்கு மருந்து தண்ணீரே. உயரமாக வரப்பு கட்டி, வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிகாலில் இறக்கிவிட வேண்டும். வடிகால் இல்லாமல் தேக்கினால் கரைந்த உப்பு வெயிலில் மறுபடி மேலே வரும். களர் நிலத்துக்கு ஜிப்சம். அதில் உள்ள கால்சியம் களித் துகளில் இருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். வெளியே வந்த சோடியம் சோடியம் சல்பேட்டாகித் தண்ணீரோடு வடியும். அளவை மண் ஆய்வு சொல்லும். பக்கத்து வயல்காரர் போட்ட அளவு நமக்குப் பொருந்தாது.

இரண்டும் சேர்ந்த உவர்-களர் மண்ணும் இங்கே உண்டு. அதில் ஜிப்சம் போடாமல் வெறும் தண்ணீர் விட்டு அலசினால் உப்பு போய்விடும், சோடியம் தங்கிவிடும். நிலம் முன்னைவிட மோசமாகும். இதை எழுதிய இரண்டு பேருக்குக் கூடுதலாக அரை மதிப்பெண் போட்டேன்.

3. மண் மாதிரி எடுக்கும் முறை. (3 மதிப்பெண்)

வயலில் 10 முதல் 15 இடங்களில், மேற்குப்பையை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, ஓரத்தில் இருந்து சீராக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். வரப்பு, மரத்தடி, எருக்குவியல் பக்கம் எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பங்கிட்டு, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும் வரை இப்படியே குறைக்க வேண்டும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் அனுப்பலாம். உரம் வந்த காலிச் சாக்கில் போடாதீர்கள். போன வருடம் ஒருவர் அப்படிக் கொண்டுவந்து, எடுத்த மண் முழுக்க வீணாகிப்போனது.

4. பயிர் சுழற்சி என்றால் என்ன? (2 மதிப்பெண்)

ஒரே நிலத்தில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைக்காமல், வேர் ஆழத்திலும் சத்துத் தேவையிலும் குடும்பத்திலும் வேறுபட்ட பயிர்களை வரிசைப்படுத்திச் சாகுபடி செய்வது.

5. கடலோர மானாவாரி நிலத்துக்கு ஏற்ற பயிர் சுழற்சி ஒன்றைக் காரணத்தோடு எழுதுக. (5 மதிப்பெண்)

எல்லாரும் "நெல், பிறகு உளுந்து" என்று எழுதிவிட்டீர்கள். பயறு வேர் முடிச்சில் ரைசோபியம் பாக்டீரியா காற்றில் உள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தும் என்பது சரிதான். ஆனால் கேள்வியில் கடலோரம் என்று இருக்கிறது. பயறு வகைகள் உப்பைத் தாங்காது. தாங்கும் அளவை மின்கடத்து திறனில் சொன்னால், பருத்தி ஏறத்தாழ 7.7 வரை விளைச்சல் குறையாமல் நிற்கும், நெல் 3-க்கு மேல் குறையத் தொடங்கும், மிளகாய்க்கு 1.5-தான். நிலத்தில் எவ்வளவு உப்பு என்று தெரியாமல் சுழற்சி எழுதுவது கண்ணை மூடிக்கொண்டு விதைப்பதுதான்.

உப்பு குறைந்த நிலத்துக்கு: முதல் ஆண்டு மழைக்கு முன் புழுதியில் விதைத்த நெல், அறுவடைக்குப் பின் மிஞ்சிய ஈரத்தில் எள் அல்லது உளுந்து. இரண்டாம் ஆண்டு முண்டு மிளகாய், வரப்போரமும் இடையிலும் கொத்தமல்லி. மூன்றாம் ஆண்டு குதிரைவாலி அல்லது மறுபடி நெல். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை நன்றாக இருக்கிறதே என்று வருடாவருடம் அதே நிலத்தில் மிளகாய் வைத்தால் வாடல் நோயும் நூற்புழுவும் நிலத்திலேயே தங்கிவிடும். மிளகாய்க்குப் பிறகு கத்தரியோ தக்காளியோ வைப்பதும் சுழற்சி ஆகாது, மூன்றும் ஒரே குடும்பம்.

உப்பு கூடிய நிலத்துக்கு: கிடைக்கும் முதல் மழையில் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும்போது மடக்கி உழ வேண்டும். அது உவரையும் களரையும் தாங்கும், நைட்ரஜனும் சேர்க்கும். பயறு செய்யும் வேலையை இங்கே இதுதான் செய்யும். அடுத்து உவர் தாங்கும் நெல், அப்புறம் பருத்தி. பருத்தியின் ஆணிவேர் ஆழம் போய் அடியில் உள்ள ஈரத்தை எடுக்கும்.

6. ஏக்கருக்கு 20 கிலோ தழை, 10 கிலோ மணி, 10 கிலோ சாம்பல் சத்து தேவை. டி.ஏ.பி., யூரியா, பொட்டாஷ் உரங்கள் எவ்வளவு வேண்டும்? (5 மதிப்பெண்)

டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழை, 46 சதவீதம் மணி. யூரியாவில் 46 சதவீதம் தழை. மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் 60 சதவீதம் சாம்பல்.

மணிச்சத்தில் இருந்து தொடங்க வேண்டும்:

10 × 100 ÷ 46 = 21.7 கிலோ டி.ஏ.பி.

அதோடு வந்த தழை: 21.7 × 18 ÷ 100 = 3.9 கிலோ

மீதித் தழை: 20 − 3.9 = 16.1 கிலோ

யூரியா: 16.1 × 100 ÷ 46 = 35 கிலோ

பொட்டாஷ்: 10 × 100 ÷ 60 = 16.7 கிலோ

டி.ஏ.பி.யோடு வரும் தழையைக் கழிக்க மறந்தவர்களுக்கு யூரியா 43.5 கிலோ வந்திருக்கும். எட்டரைக் கிலோ அதிகம். 45 கிலோ யூரியா மூட்டையில் இது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. காசு யார் வீட்டுக் காசு என்று யோசியுங்கள்.

7. மணற்பாங்கான, உவர் நிலங்களில் உரமிடும்போது கவனிக்க வேண்டியவை. (3 மதிப்பெண்)

மணலில் யூரியாவை ஒரே தடவையாகப் போட்டால் அடுத்த மழையில் வேருக்குக் கீழே போய்விடும். இரண்டு மூன்றாகப் பிரித்து, ஈரம் இருக்கும்போது இட வேண்டும். காரத்தன்மை உள்ள நிலத்தில் மேலோடு தூவிய யூரியா அம்மோனியாவாகி ஆவியாகும். மண்ணுக்குள் மூட வேண்டும். உரமும் ஓர் உப்புதான் என்பதை மறக்கக் கூடாது. மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருப்பதால், உப்பு கூடிய நிலத்தில் மிளகாய்க்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் நல்லது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டு மிளகாய்த் தோட்டத்தில் மழையை நம்பிக் காய்ந்த மண்ணில் உரம் போட்டேன். மழை வரவில்லை. நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்த்தது போல் கருகியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, செடியை மட்டும் காட்டினார்.

களர் நிலத்து நெல்லில் துத்தநாகப் பற்றாக்குறை அதிகம். எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடலாம். டி.ஏ.பி.யோடு கலந்து போடக் கூடாது.

8. கிடை போடுதல்: சிறு குறிப்பு. (2 மதிப்பெண்)

அறுவடை முடிந்த வயலில் கீதாரிகள் ஆட்டு மந்தையை இரவில் அடைத்து வைப்பது. புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணில் இறங்குவதால் தழையும் சாம்பலும் சேர்கின்றன. ஒவ்வொரு இரவும் கிடையை இடம் மாற்ற வேண்டும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ லேசாக உழுதுவிட வேண்டும். இல்லையென்றால் வெயிலில் அம்மோனியா பறந்துவிடும். ‘பட்டி அடைத்தல்’ என்று எழுதியவர்களுக்கும் மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.