ஏழாவது கணக்கு: (−10, −10) ஏன் விடை இல்லை

ஞாயிற்றுக்கிழமை வைத்த டெஸ்ட் பேப்பர்களைத் திருத்தி முடித்துவிட்டேன். ஏழாவது கணக்கில் உங்களில் பாதிப் பேருக்கு மேல் கடைசி வரி வரை நன்றாக வந்து, அங்கே வழுக்கியிருக்கிறீர்கள். மழையால் பெரம்பூரில் நாளை வகுப்பு இல்லை. புதன்கிழமை வரை இதைத் தள்ளிப்போட மனமில்லாமல் முழு விடையையும் எழுதி அனுப்புகிறேன். பேனாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு, கூடவே போட்டுப் பார்த்தபடி படியுங்கள்.

கணக்கு இதுதான். மடக்கையின் அடிமானம் 10.

```
log x + log y = 2
x − 2y = 10
```

எதையும் தொடுவதற்கு முன் தாளின் ஓரத்தில் `x > 0, y > 0` என்று எழுதிவிடுங்கள். பத்தை எந்த மெய்யெண் அடுக்குக்கு உயர்த்தினாலும் மிகை எண்தான் கிடைக்கும். அதனால் பூச்சியத்துக்கும் குறை எண்ணுக்கும் மெய்யெண்களில் மடக்கை இல்லை. முதல் சமன்பாட்டில் `log x` தனியாக நிற்கிறது, `log y` தனியாக நிற்கிறது. இரண்டுக்கும் அர்த்தம் இருந்தால்தான் அந்தச் சமன்பாட்டுக்கே அர்த்தம்.

இப்போது மடக்கையின் பெருக்கல் விதி. இரண்டு மடக்கைகளின் கூடுதல், அந்த எண்களின் பெருக்கற்பலனுடைய மடக்கை. ஆகவே `log(xy) = 2`, அதாவது `xy = 100`. சிலர் இங்கே `log(x + y) = 2` என்று எழுதி `x + y = 100` என்று போயிருக்கிறீர்கள். அது வேறு கணக்காகிவிடும். மடக்கை பிறந்ததே பெருக்கலைக் கூட்டலாக்கத்தான். நேப்பியர் 1614இல் தன் அட்டவணைகளை வெளியிட்டபோது, வானியல்காரர்களின் நீண்ட பெருக்கல்கள் வெறும் கூட்டல்களாகச் சுருங்கின. வெளியே கூட்டல் இருந்தால் உள்ளே பெருக்கல். இதை மனதில் வைத்துக்கொண்டால் அந்தத் தவறு வராது.

சரி, நேரியல் சமன்பாட்டிலிருந்து `x = 10 + 2y`. y-ஐப் பிரித்தால் பின்னம் வரும். x-க்குக் கெழு 1 என்பதால் அதையே பிரிப்பது சுலபம். பிரதியிட்டால்:

```
(10 + 2y) y = 100
2y² + 10y − 100 = 0
y² + 5y − 50 = 0
(y + 10)(y − 5) = 0
```

y = 5 என்றால் x = 20. y = −10 என்றால் x = −10. அந்தச் சிலரைத் தவிர, இதுவரை எல்லோரும் சரி. அப்புறம் பல பேர் இரண்டு சோடிகளையும் விடையாக எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். "சார், சரிபார்த்தேன், சரியாக வருகிறது" என்று ஒருவர் ஓரத்தில் குறிப்பு வேறு எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது உண்மைதான்: (−10)(−10) = 100, −10 − 2(−10) = 10. ஆனால் அவர் போட்டுப் பார்த்தது `xy = 100` என்ற வரியில். கேள்வியில் அந்த வரி இல்லை. கேள்வியில் இருப்பது `log x + log y = 2`. அதில் −10ஐப் போட்டால் முதல் உறுப்பிலேயே நின்றுவிடும்.

நம் ஊர்க் கணக்காகவே பாருங்கள். ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. நீளம் அகலத்தைவிட 20 அடி அதிகமாக உள்ள ஒரு கிரவுண்டு மனை வேண்டும் என்றால், `xy = 2400`, `x − y = 20`. தீர்த்தால் 60க்கு 40 கிடைக்கும். கூடவே x = −40, y = −60 என்றும் ஒன்று கிடைக்கும். பெருக்கினால் 2400, கழித்தால் 20. ஆனால் அப்படி ஒரு மனையைச் சென்னையில் யாரும் பத்திரம் பதிய முடியாது. மனையில் பக்கங்களின் நீளம் செய்யும் காவல் வேலையைத்தான் நம் கணக்கில் மடக்கை செய்கிறது. நாம் மடக்கையை எடுத்துவிட்டு `xy = 100` என்று எழுதிய நிமிடம் அந்தக் காவல் போய்விடுகிறது. முதல் வரியிலிருந்து இரண்டாவது வரிக்கு வரலாம், ஆனால் இரண்டாவதிலிருந்து முதல் வரிக்கு எல்லா நேரமும் திரும்பிவிட முடியாது. அதனால்தான் ஓரத்தில் `x > 0, y > 0` என்று முதலிலேயே எழுதச் சொன்னேன்.

ஆக விடை ஒன்றே ஒன்று: x = 20, y = 5. மடக்கை அட்டவணையில் log 20 = 1.3010, log 5 = 0.6990, கூட்டினால் 2.0000. இன்னொரு சமன்பாடு: 20 − 10 = 10.

ஒரு எச்சரிக்கை. கேள்வித்தாளிலேயே `log(xy) = 2` என்று கொடுத்திருந்தால் (−10, −10)ம் விடைதான். அங்கே பெருக்கற்பலன் மிகையாக இருந்தால் போதும். எனவே குறை எண்ணைக் கண்டவுடன் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கவும் கூடாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த வழியைச் சொல்கிறேன். இருபடிச் சமன்பாடே வேண்டாம்.

```
(x + 2y)² = (x − 2y)² + 8xy
          = 10² + 8 × 100 = 900
```

x, y இரண்டும் மிகை என்பதால் x + 2y-ம் மிகை. எனவே அது 30 மட்டுமே, −30 ஆகாது. x − 2y = 10ஐ இதோடு கூட்டினால் 2x = 40, x = 20, y = 5. பொய்யான சோடி இங்கே −30க்குள் ஒளிந்திருந்தது. அதை வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

இதே முற்றொருமையை வைத்துக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். மடக்கைச் சமன்பாடு அதேதான், நேரியல் சமன்பாடு மட்டும் `x + 2y = 30`. இப்போது (x − 2y)² = 900 − 800 = 100. x − 2y என்பது 10 ஆகவும் இருக்கலாம், −10 ஆகவும் இருக்கலாம், ஏனென்றால் வித்தியாசத்துக்கு மிகையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே (20, 5), (10, 10) இரண்டுமே விடை. ஒன்றைத் தூக்கிப்போட்டால் மதிப்பெண் போகும். `x + 2y = 20` என்று கொடுத்தால்? (x − 2y)² = 400 − 800 = −400. ஒரு மெய்யெண்ணின் வர்க்கம் குறை எண்ணாக வராது, அதனால் தீர்வே இல்லை.

வரைபடத்தில் இது இன்னும் தெளிவு. `xy = 100` என்பது அதிபரவளையம். அதற்கு இரண்டு கிளைகள், ஒன்று முதல் கால்பகுதியில், மற்றொன்று மூன்றாவதில். `log x + log y = 2` என்பது முதல் கால்பகுதிக் கிளை மட்டும். x − 2y = 10 என்ற ஏறும் கோடு ஒவ்வொரு கிளையையும் ஒருமுறை வெட்டுகிறது. x + 2y = 30 என்ற இறங்கும் கோடு முதல் கிளையையே இரண்டு முறை வெட்டுகிறது. x + 2y = 20 எந்தக் கிளையையும் தொடாமல் நடுவே போய்விடுகிறது. வரைபடத் தாளில் ஒருமுறை வரைந்து பாருங்கள், பத்து நிமிடம்தான் ஆகும்.

புதன்கிழமை வரும்போது இதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். அடிமானம் 2: `log₂ x + log₂ y = 5`, `x − y = 4`. இரண்டு வழியிலும் போட வேண்டும். விட்ட சோடி எது, எந்த வரியில் அது உள்ளே நுழைந்தது என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்துக்குத் தனியாக ஒரு மதிப்பெண் உண்டு.