வயிற்றுப்போக்கு: குழந்தையின் சிகிச்சைக் குறிப்பு

ஆரம்ப சுகாதார நிலையம், ஓ.ஆர்.எஸ். மூலை. தேதி 12.6.2025, காலை 10.20.

பெண் குழந்தை, வயது 14 மாதம், எடை 8.4 கிலோ. நேற்றுக் காலையிலிருந்து தண்ணீராக 7 முறை போக்கு, 2 முறை வாந்தி. மலத்தில் ரத்தம் இல்லை. வெப்பநிலை 99.4. கடைசியாகச் சிறுநீர் போனது விடியற்காலை 5 மணிக்கு.

நிலை: சிணுங்கிக்கொண்டே இருக்கிறாள், கண் குழி விழுந்திருக்கிறது (வழக்கமாக இப்படி இருக்காது என்கிறார் தாய்), கரண்டியை நீட்டினால் தாவிக் குடிக்கிறாள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது, ஆனால் 2 விநாடிக்குள். மயக்கம், வலிப்பு இல்லை. புஜச் சுற்றளவு 12.9 செ.மீ., அதனால் தோல் சோதனையை நம்பலாம். முடிவு: ஓரளவு நீரிழப்பு. டிரிப் தேவையில்லை.

வீட்டில் நடந்தது: கடையில் வாங்கிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுதாக ஒரே டம்ளரில் கரைத்திருக்கிறார் பாட்டி. நல்லவேளை, உப்புக் கரிக்கிறது என்று குழந்தை இரண்டு கரண்டிக்கு மேல் குடிக்கவில்லை. தாய்ப்பாலையும் நேற்று மாலையே நிறுத்திவிட்டார்கள்.

கொடுத்தது: கிலோவுக்கு 75 மி.லி. கணக்கில் 4 மணி நேரத்துக்கு 630 மி.லி. 10.40க்குத் தொடக்கம். 11.15க்கு வாந்தி, 10 நிமிடம் விட்டு, 2 நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகத் தொடர்ந்தோம். 12.40 வரை 310 மி.லி., 2.40க்குள் மொத்தம் 640. இடையில் மூன்று முறை தாய்ப்பால். இரண்டு முறை போக்கு. 1.50க்குச் சிறுநீர் போனாள்.

2.45க்கு மறுபரிசோதனை: தோல் உடனே திரும்புகிறது, கண் சரியாகிவிட்டது, பாட்டியைப் பார்த்துச் சிரிக்கிறாள். எடை 8.7. நீரிழப்பு இல்லை. வீட்டுக்கு அனுப்பலாம்.

ஜிங்க் 20 மி.கி. மாத்திரை, தினம் 1, 14 நாள். முதல் மாத்திரையை 1.30க்குத் தாய்ப்பாலில் கரைத்து இங்கேயே கொடுத்தாயிற்று. மீதி 13 கையில் கொடுத்தோம். போக்கு நின்றதும் நிறுத்திவிடுவார்கள் என்பதால், 25ஆம் தேதி வரை என்று அட்டையில் பெரிதாக எழுதியிருக்கிறேன். ஆன்டிபயாட்டிக், போக்கை நிறுத்தும் மருந்து எதுவும் தரவில்லை.

தாயிடமும் பாட்டியிடமும் சொன்னது: தாய்ப்பால் கேட்கும்போதெல்லாம். குழைத்த சாதத்தில் பருப்பும் ஒரு கரண்டி எண்ணெயும், இட்லி, தயிர் சாதம், மசித்த வாழைப்பழம். கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஆறு முறை. வெறும் கஞ்சித் தண்ணீர் உணவாகாது. கலர், பாக்கெட் ஜூஸ், கடுங்காப்பி வேண்டாம். குணமான பிறகும் இரண்டு வாரத்துக்குத் தினம் ஒரு வேளை கூடுதல். ஒவ்வொரு போக்குக்குப் பிறகும் 50 முதல் 100 மி.லி. ஓ.ஆர்.எஸ்.; 24 மணி நேரமானால் மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தைப் பாட்டி கையாலேயே கரைக்கச் சொன்னேன். சரியாகச் செய்தார். இரண்டு பொட்டலம் கொடுத்தோம்.

ரத்தம் வந்தால், குடிக்க மறுத்தால், காய்ச்சல் வந்தால், சோர்ந்து கிடந்தால், எல்லாவற்றையும் வாந்தி எடுத்தால் இரவானாலும் உடனே வரவேண்டும்.

கிராம சுகாதார செவிலியருக்கு: 14ஆம் தேதி மாலை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அட்டையில் 11 மாத்திரை மீதி இருக்க வேண்டும்.