அட்டையில் இல்லாத வயது

"அம்மம்மா, நீங்கள் தை முதலாம் திகதி பிறந்திருக்கிறியள்!"

மதுசா குசினி வாசலில் அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணகை புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"ஆரடி சொன்னது?"

"உங்கட அட்டைதான். முதல் ரெண்டு இலக்கமும் பிறந்த வருசம். 52. அடுத்த மூண்டும் அந்த வருசத்தில எத்தினையாம் நாள் எண்டு. பொம்பிளையள் எண்டா அதில 500 கூட்டியிருப்பினமாம். உங்களுக்கு 501. ஐந்நூறைக் கழிச்சா ஒண்டு. ரீச்சர் சொல்லித் தந்தவ."

"அதுக்கேன் என்ரை பெட்டியைக் கிண்டினனி?"

"குடும்ப மரம் கீற வேணும் அம்மம்மா. எல்லாற்றை பேருக்குக் கீழயும் பிறந்த திகதி எழுத வேணும். உங்களுக்கு எழுபத்திரண்டு வயசு, சரியோ?"

"தெரியாது."

மதுசாவுக்கு இந்தப் பதில் புதிதில்லை. வீட்டுக்கு வருகிற மிட்வைபம்மா கேட்டாலும், விதானையார் கேட்டாலும் அம்மம்மா இதைத்தான் சொல்லுவாள். விசுவமடுச் சந்தியில் கண் பரிசோதிக்க வந்தவர்கள் கேட்டபோதும் சொன்னாள். வலக்கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, ஒப்பரேசன் செய்தால் தெளிவாகத் தெரியும் என்று அவர்கள் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டு இப்போதும் அரிசி வாளிக்குக் கீழே கிடக்கிறது. "இந்த வயசில என்னத்துக்கு" என்றுதான் அதற்கும் சொன்னாள். எந்த வயது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விடுகிறதாயில்லை.

"தெரியாட்டி அட்டையில என்னெண்டு எழுதினவை?"

"அது அட்டைக்குப் பதிய வந்தவர் எழுதினது. பிறப்புப் பத்திரம் இல்லை எண்டனாங்கள். உன்ரை அம்மப்பா, 'ஐம்பத்திரண்டு எண்டு போடுங்கோ ஐயா' எண்டார். திகதி என்னவெண்டு கேட்க, ரெண்டு பேரும் முழிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். அவர் தை ஒண்டு எண்டு போட்டிட்டார்."

"அப்ப உண்மையா எப்ப பிறந்தனீங்கள்?"

கண்ணகை நீத்துப்பெட்டியை அடுப்பில் வைத்தாள். பதில் சொல்லவில்லை.

பின்னேரம் வதனி வேலையால் வந்தாள். கார்மென்ற்ஸ் பஸ் சந்தியில் இறக்கிவிடும்; அங்கிருந்து சைக்கிள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு மகளின் கொப்பியைப் பார்த்தாள். பென்சிலால் மரம் கீறி, கொப்புகளில் பெட்டிகள் போட்டிருந்தது. அப்பா, கட்டார் என்று எழுதியிருந்தது. அம்மா, 1988. நான், 2014. அம்மாவுக்குப் பக்கத்துப் பெட்டியில் 'சுதன் மாமா' என்ற பெயர் மட்டும். கீழே இடம் விட்டிருந்தது.

"இதை ஏன் விட்டனீ?"

"செத்தவைக்கு செத்த வருசமும் எழுத வேணுமாம். மாமாவுக்கு என்ன எழுதிறது எண்டு தெரியேல்லை."

வதனி தாயைப் பார்க்காமல் கொப்பியை மூடினாள். விறாந்தையில் ஓலை பின்னிக்கொண்டிருந்த கண்ணகை தலை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"1985 எண்டு எழுது. முப்பத்தொம்பது வயசு. வேற ஒண்டும் எழுதாத."

அந்தக் கணக்கு அவளுக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை சுதன் பிறந்தநாள். ஒவ்வொரு தையிலும் பால்புக்கை காய்ச்சி, முதல் அகப்பையை வாழையிலையில் வைத்து, இன்றைக்கு அவனுக்கு இத்தனை வயது என்று வாய்விட்டுச் சொல்லுவாள். இருபத்தைந்தைச் சொன்னது செட்டிகுளத்து முகாம் கூடாரத்துக்குள். முப்பத்திரண்டை விசுவமடுவில் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் போய்க் குந்தினாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கொட்டில் போட்டுப் போராடத் தொடங்கிய 2017ஆம் ஆண்டு அது. செஞ்சிலுவைக்காரர், கமிஷன்காரர், பெயர் தெரியாத எத்தனையோ பேர் படிவம் நிரப்பினார்கள். காணாமற்போகும்போது வயது 24 என்று அவர்கள் எழுதுவார்கள். இப்போது அவனுக்கு எத்தனை என்று அவள் பக்கத்தில் நின்று திருத்திச் சொல்லுவாள். அதற்கு அந்தத் தாளில் இடம் இருக்காது.

மதுசா வந்து அருகில் இருந்தாள்.

"மாமாவுக்கு மட்டும் ஒவ்வொரு வருசமும் வயசு சொல்லுறியள். உங்களுக்கு ஏன் சொல்லுறேல்லை?"

"எனக்கு என்னத்துக்குப் பிள்ளை?"

"மாமா பிறக்கேக்க உங்களுக்கு எத்தினை வயசு?"

கேள்வி அவளைத் தெரியாமல் வந்து பிடித்தது. மகனைப் பற்றிக் கேட்டால் அவள் வாய் தானாகத் திறக்கும்.

"முப்பத்தைஞ்சுக்குக் கிட்ட. கலியாணம் கட்டிப் பத்து வருசம் பிள்ளையில்லை. வற்றாப்பளை அம்மாளுக்கு நேந்து பிறந்தவன். பிந்திப் பிறக்கிற பிள்ளை கவனம் எண்டு மிஸ்ஸி பேசினவ."

மதுசா விரலை மடித்து, பிறகு கொப்பியின் பின்தாளில் கழித்தல் கணக்குப் போட்டாள். "1950! அட்டை பிழை. நீங்கள் அம்பதாம் ஆண்டு!"

"இருக்கும். புயலடிச்ச மார்கழியில நான் சாமத்தியப்பட்டிட்டன். தண்ணி வார்க்கப் போட்ட பந்தல் பறந்துது. கூரையும் பறந்துது. அப்ப பதினாலு எண்டு கொம்மான்ரை அம்மம்மா சொல்லுவா."

"எந்தப் புயல்?"

"அறுபத்திநாலு. மன்னார்ப் பக்கம் கடல் ஊருக்குள்ள வந்தது அப்பதான்."

பிள்ளை மறுபடியும் கழித்தாள். அதே 1950. துள்ளி எழும்பினாள். "எந்த மாசம், எந்த மாசம்?"

"வைகாசி," என்றாள் கண்ணகை. சொல்லிவிட்டு ஓலையைக் கீழே வைத்தாள்.

வைகாசி விசாகப் பொங்கலன்று முள்ளியவளையில் மாட்டுவண்டி பூட்டி நின்றதாம். பானை, அரிசி, தேங்காய் எல்லாம் ஏற்றியாயிற்று. ஆச்சி வண்டியில் கால் வைக்க நோ கண்டதாம். வண்டி அப்படியே நிற்க, கோயில் பறைச்சத்தம் வயலால் வந்துகொண்டிருக்க, பொழுதுபடப் பிறந்தவள். அம்மாளின் பெயரையே வைத்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு பொங்கலும் அவளுக்கு ஒரு வயது. கல்யாணத்துக்குப் பிறகு புருசன் எண்ணினான். அவன் 1996 இடப்பெயர்வோடு காய்ச்சலில் போனபின் சுதன் எண்ணினான். கோயில் வீதியில் ஐஸ்பழம் வாங்கிக் கையில் தந்து, "அம்மா, இண்டையோட அம்பத்தெட்டு" என்று அவன் கடைசியாகச் சொன்னது 2008இல். பிறகு அந்த வருசமே அவனை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் இருந்தபோது எப்படியோ தப்பித் தாயிடம் வந்து சேர்ந்தான்.

2009 வைகாசியில் வட்டுவாகல் பாலத்துக்கு அங்காலே வைத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் பெயர் பதியவேண்டும், பதிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று. அவள்தான் அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாள். பஸ்ஸில் ஏற்றினார்கள். அவன் யன்னலால் தங்கச்சியைக் கவனம் என்று சொன்னான்.

இதில் ஒரு சொல்லும் அவள் பேத்திக்குச் சொல்லவில்லை. வண்டி பூட்டினதையும் பறைச்சத்தத்தையும் மட்டும் சொன்னாள்.

மதுசா உறங்கியபின் வதனி கேட்டாள். "அம்மா, வயசு தெரியாது எண்டு எல்லாருக்கும் பொய்தானே சொன்னனீங்கள்?"

"முதல்ல பொய்யில்லை. முகாமில பதியேக்க கேட்டாங்கள், உண்மையாவே வாயில வரேல்லை. பிறகு கோயிலடிக் கொட்டில்ல இருக்கேக்க பாத்தனான். ஒவ்வொருத்தியும் தன்ரை வயசைச் சொல்லிப்போட்டு, இனி எத்தினை வருசம் இருப்பன் எண்டு கணக்குப் பாப்பாள். பிறகு அவளின்ரை படத்தையும் கொழுவி மாலை போடுவம். பிள்ளையின்ரை படத்துக்குப் பக்கத்தில தாயின்ரை படம். அவனுக்கு எண்ணலாம் பிள்ளை. அவனுக்கு ஏறினா அவன் வளருறான். எனக்கு ஏறினா..." அவள் முடிக்கவில்லை. "எண்ணாமல் விட்டா நிக்கும் எண்டு நினைச்சன்."

வதனி தாயின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மதுசா சுவரில் தொங்கிய கலண்டரை இழுத்துப் பார்த்து, வைகாசியில் பொங்கல் வரும் திங்கட்கிழமையைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டாள். "எழுபத்திநாலு" என்று பக்கத்தில் எழுதினாள். அதுக்குப்பிறகு காலமை எழும்பினால் முதல் வேலை, அம்மம்மாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று சொல்வது. பாலைப்பழம் விற்க வந்தவனுக்கும் சொன்னாள். அவன் ஒரு பேணி கூடப் போட்டுவிட்டுப் போனான்.

கண்ணகை அந்தக் கோயிலுக்குப் போய்ப் பதினாறு வருசம். அம்மாளில் கோபமில்லை, பஸ் அந்தப் பாலத்தால் போகும். பாலத்தைத் தாண்டத்தான் அவளுக்கு ஏலாமல் இருந்தது. பொங்கலன்று காலை குளித்து, வெள்ளைப்புள்ளிச் சேலையைக் கட்டிக்கொண்டு தானாகவே படலையடிக்கு வந்து நின்றாள். வதனி சம்பளமில்லாத லீவு போட்டிருந்தாள்.

விசேட பஸ்ஸில் இருக்க இடமில்லை. ஒரு பெடியன் எழும்பி ஆச்சிக்கு இடம் விட்டான். புதுக்குடியிருப்பு தாண்டி, முள்ளிவாய்க்கால் தாண்டி, பாலம் வந்தது. எதிரே வாகனம் வந்தால் ஒதுங்க முடியாத ஒடுக்கமான பழைய பாலம். பஸ் மெல்ல ஊர்ந்தது. இரண்டு பக்கமும் நந்திக்கடல் தண்ணி.

"இதிலதான் உன்ரை மாமாவைக் குடுத்தனான்," என்றாள் கண்ணகை.

மதுசா யன்னலால் எட்டிப் பார்த்தாள். "எந்த இடத்தில?"

"அங்கால. அந்தக் கரையில."

"மாமா வரேக்கயும் இதாலயோ வருவார்?"

வதனி மகளின் தோளில் கை வைத்தாள், கேள்வியை நிற்பாட்ட. கண்ணகை பேத்தியை மடியில் இழுத்து இருத்தினாள். "எதால வந்தாலும் வரட்டும்," என்றாள். பாலம் முடியும்வரை பிள்ளையின் இடுப்பைச் சுற்றியிருந்த கை இறுக்கமாகவே இருந்தது.

கோயிலில் சனம் தள்ளியது. காவடி, பாற்செம்பு, வீதி நிறையப் பானைகள். கடல் நீர் வார்த்து எரிகிற விளக்கைக் காட்ட மதுசாவை வதனி தூக்கினாள். திரும்பி வரும்போது பிள்ளை உண்டியலில் சேர்த்த காசில் ஐஸ்பழம் வாங்கி அம்மம்மாவின் கையில் வைத்தாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "அம்மம்மா, இண்டையோட எழுபத்திநாலு!"

கண்ணகை அந்த வீதியிலேயே குந்தியிருந்து அழுதாள். பிறகு ஐஸ்பழம் உருகுது என்று பிள்ளை அவசரப்படுத்த, அழுதுகொண்டே தின்றாள்.

வீட்டுக்கு வந்த கிழமை அரிசி வாளியைத் தூக்கி அந்தத் துண்டை எடுத்தாள். எலி ஒரு மூலையைக் கடித்திருந்தது. "இதைக் கொண்டுபோய்க் காட்டு," என்று வதனியிடம் கொடுத்தாள். "அவன் வரேக்க நாற்பது வயசு ஆம்பிளையா வருவான். எனக்கு மட்டுக்கட்டக் கண் தெரிய வேணும்."

கிளினிக் திகதி அடுத்த மாசிக்குத்தான் கிடைத்தது. மதுசா பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்துக்கொண்டு கூட வந்தாள். நேர்ஸ் பிள்ளை அட்டையையும் ஆச்சியையும் மாறிமாறிப் பார்த்து, "எழுபத்திமூண்டு, என்னம்மா?" என்று கேட்டபடி எழுதப் போனாள்.

"இல்லைப் பிள்ளை, அட்டை பிழை. எழுபத்திநாலு," என்றாள் கண்ணகை. "வைகாசிப் பொங்கலோட எழுபத்தைஞ்சு."