திங்கள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியை பேசியது
(தேனி மாவட்டம், கூடலூர் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்று)

எல்லாரும் உட்காருங்க. பின்னாடி நிக்குற பன்னிரண்டாம் வகுப்பும் உட்காரலாம். இன்னிக்கு செய்தி வாசிப்பு, குறள் விளக்கம் ரெண்டும் கிடையாது.

வியாழக்கிழமை மதியம் சைக்கிள் ஸ்டாண்டுல நடந்தது உங்களுக்குத் தெரியும். பார்க்காதவங்களுக்கும் சாயங்காலத்துக்குள்ள போன்ல வந்து சேர்ந்திருச்சு. அதனால கதையைத் திரும்பச் சொல்லல, சேதக் கணக்கை மட்டும் சொல்றேன். பதினொண்ணாம் வகுப்புப் பையன் ஒருத்தனுக்குத் தலையில ஏழு தையல். இன்னொருத்தனுக்கு மணிக்கட்டு முறிஞ்சிருக்கு. வலது கை, எழுதுற கை. அரையாண்டுத் தேர்வுக்கு மூணு வாரம்கூட இல்ல. வேதியியல் ஆய்வகத்துல ரெண்டு ஜன்னல் கண்ணாடி போச்சு. ஒரு பெஞ்சு போச்சு, அதோட காலைப் பிடுங்கித்தானே அடிச்சீங்க. விலக்கிவிடப் போன பி.இ.டி. சாருக்குத் தோள்ல அடி. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு வீட்டுல அழுதிருக்கா. இதை யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கல. நானாத்தான் கணக்குல சேர்த்திருக்கேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க என் அறையில ஒரே பேச்சுதான்: "டி.சி.யைக் கொடுத்து அனுப்புங்க மேடம்." பெற்றோர் சொன்னாங்க, பள்ளி மேலாண்மைக் குழுவுல சொன்னாங்க, ஆசிரியர்கள்ல சிலரும் சொன்னாங்க. அவங்க கோபம் நியாயமான கோபம். ஆனா நான் யாருக்கும் டி.சி. கொடுக்கப் போறதில்ல.

அங்க யாரு சிரிக்குறது? தப்பிச்சோம்னு நினைப்பா? இருப்பா, இன்னும் முடிக்கல.

டி.சி. கொடுக்குறது எனக்கு ரொம்ப சுலபம். ஒரு கையெழுத்து, ஒரு சீல், அஞ்சு நிமிஷம். அதுக்கப்புறம் அந்தப் பையன் யாரையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்ல. நடு வருஷத்துல எந்தப் பள்ளிக்கூடமும் அவனைச் சேர்க்காது. அடுத்த வாரமே ஜீப்புல ஏறி ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போயிடுவான். தையல் போட்ட பையனுக்கு அதனால என்ன கிடைக்கும்? அவன் நோட்டுல விட்டுப்போன பாடத்தை யாரு எழுதுவா? வெளிய போனவனுக்கும் உள்ள இருக்குறவனுக்கும் பகை அப்படியேதான் இருக்கும். பள்ளிக்கூட வாசல்ல இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

சரி, சண்டை எதுல ஆரம்பிச்சது? ஒரு வீடியோவுல. மலையிலிருந்து வந்து படிக்குற பையன் பேசுறதை நம்ம ஊர்ப் பசங்க எடுத்து, மேல ஒரு பாட்டைப் போட்டு, "சேட்டா வந்துட்டாரு"ன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. அவன் வண்டன்மேட்டுப் பக்கம் லயத்து வீட்டுல பிறந்து வளர்ந்தவன். அவன் பேச்சுல மலையாளம் கலக்காம வேற என்ன கலக்கும்? அங்க கடைத்தெருவுல அவனைப் "பாண்டி"ங்குறாங்க. இறங்கி இங்க வந்தா நீங்க "சேட்டா"ங்குறீங்க. அந்தப் பிள்ளை எந்த ஊர்ல போய் நிக்கணும்னு சொல்றீங்க? அதுக்காக அவன் கூட்டாளிங்க பெஞ்சுக் காலைத் தூக்கினதைச் சரின்னு சொல்லல. கேலிக்கு எங்கிட்ட வந்து புகார் சொல்லியிருக்கலாம். மண்டையை உடைக்குறது அதுக்குப் பதில் ஆகாது.

இன்னொண்ணு கேக்குறேன், கை தூக்குங்க. காலையில அஞ்சு, ஆறு மணிக்கெல்லாம் ஜீப்புல குமுளி மலை ஏறி ஏலக்காய் எடுக்கப் போற அம்மா, பாட்டி, சித்தி யாரு வீட்டுல எல்லாம் இருக்காங்க?

ம். இறக்குங்க. பாதிக்கு மேல இருக்கு. சண்டை போட்ட ரெண்டு பக்கத்துலயும் கை தூக்கியிருக்கு, நான் பார்த்தேன். கீழ இருந்து போற அம்மாவும் மேல லயத்துல இருக்குற அம்மாவும் ஒரே தோட்டத்துலதான் குனிஞ்சு காய் எடுக்குறாங்க. ஏலச்செடியில காய் தரையோட ஒட்டிக் காய்க்கும். நாள் பூரா குத்தவச்சுதான் எடுக்கணும். அந்த முதுகுவலியில மலைக்காரி, ஊர்க்காரின்னு பிரிவு கிடையாது.

2011 டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அப்ப கைக்குழந்தையா இருந்திருப்பீங்க, பாதிப் பேர் பிறந்தே இருக்கமாட்டீங்க. முல்லைப் பெரியாறு பிரச்சனையில இதே குமுளி எல்லையில போக்குவரத்து நின்னுச்சு. ஜீப்பு ஓடல. தோட்டத்துல இருந்த நம்ம ஆளுங்க பலபேரு பயந்து மூட்டை முடிச்சோட இறங்கி வந்தாங்க. அணை வழக்கு அதுபாட்டுக்கு சுப்ரீம் கோர்ட்ல நடந்துச்சு, 2014 மே மாசம் 142 அடி வரை தண்ணி தேக்கலாம்னு தீர்ப்பு வந்துச்சு. இன்னிக்கும் ரெண்டு அரசாங்கத்துக்கும் முழு ஒத்துப்போக்கு இல்ல. ஆனா உங்க அம்மாக்கள் தீர்ப்பு வரட்டும்னு காத்திருக்கல. வழி திறந்ததும் ஜீப்புல ஏறினாங்க, அங்க இருக்குறவங்களும் வேலை கொடுத்தாங்க. எல்லாத்தையும் பேசித் தீர்த்துட்டா சேர்ந்தாங்க? நாளைக்கு வேலை நடக்கணும், அதுக்கு என்ன செய்யணுமோ அதைச் செஞ்சாங்க. நான் உங்ககிட்ட கேக்குறதும் அந்த அளவுதான். கட்டிப்பிடிச்சு போட்டோ எடுக்கச் சொல்லல.

இப்ப என்ன நடக்கும்னு சொல்றேன். சண்டையில இருந்த பதிமூணு பேரும் இந்த வாரம் தினம் கடைசிப் பாடவேளையில தமிழய்யாவோடயும் கணக்கு டீச்சரோடயும் உட்காரணும். முதல்ல அடிபட்டவங்க பேசுவாங்க. மத்தவங்க குறுக்க பேசாம கேக்கணும். என்ன செஞ்சா சரியாகும்னு அவங்கதான் சொல்லணும், நான் சொல்லமாட்டேன். கை முறிஞ்ச பையனுக்குக் கட்டுப் பிரிக்குற வரைக்கும் எல்லாப் பாட நோட்டையும் எதிர்ப்பக்கத்துக்காரங்க முறை வச்சு எழுதிக் கொடுக்கணும். தேர்வுல அவனுக்கு எழுத ஆள் வேணும்னு நான் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுறேன். கண்ணாடிக் காசை அப்பாகிட்ட வாங்கிட்டு வராதீங்க. சனிக்கிழமை வந்து ஆய்வகத்தைச் சுத்தம் பண்ணணும், தச்சர் அண்ணன் கூட நின்னு பெஞ்சைச் சரிபண்ணணும். வீடியோ எடுத்தவன், யாரு யாருக்கு அனுப்பினானோ அத்தனை பேர்கிட்டயும் போய் அழிக்கச் சொல்லணும். ஆறாம் வகுப்புக்கு பி.இ.டி. சாரோட போய், இனிமே பயமில்லாம வரலாம்னு சொல்லணும். கஷ்டமா இருக்கும். மூணு நாள் வீட்டுல இருன்னா சினிமா பார்த்துட்டு வந்திருப்பீங்க.

இதுல உட்கார மாட்டேன்னு எவனாவது சொன்னா, அப்ப விதிப்படி பார்க்கலாம். இன்னொரு தடவை பள்ளிக்கூடத்துக்குள்ள கட்டையோ கம்பியோ தூக்கினா இந்தப் பேச்சே கிடையாது.

தையல் போட்ட பையனோட அப்பா போலீசுக்குப் போகலாமான்னு கேட்டாரு. அது உங்க உரிமை, போகாதீங்கன்னு நான் சொல்லமாட்டேன்னு சொல்லிட்டேன். அவன்கிட்ட யாரும் போய் "மன்னிச்சிட்டேன்னு சொல்லிடுடா"ன்னு நிக்கக்கூடாது. அவன் மன்னிக்கிறானா இல்லையா, எப்ப மன்னிக்கிறான், அது அவன் இஷ்டம். மன்னிக்காட்டியும் நீங்க நோட்டு எழுதிக் கொடுக்கணும்.

கடைசியா, சுத்தி நின்னவங்க. அறுபது, எழுபது பேர் இருந்திருப்பீங்க. நாப்பது அடி தூரத்துல ஆசிரியர் அறை. ஓடி வந்து சொன்னது ஏழாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி. மத்தவங்க கையில போன் இருந்துச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டு வரக்கூடாதுன்னு இருக்கு, அதைத் தனியா பார்த்துக்கறேன். உங்க போன்ல இருக்குற அந்தச் சண்டையை இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அழிங்க. எங்கிட்ட ஒரு பிரதி இருக்கு, விசாரணைக்கு அது போதும்.

இந்த வாரம் குமுளி பஸ் வர்ற வரைக்கும் ரெண்டு ஆசிரியர்கள் ஸ்டாப்புல நிப்பாங்க. மலைக்குப் போற பிள்ளைங்க அங்க சேர்ந்து நில்லுங்க.

அந்தப் பதிமூணு பேரும் என் அறைக்கு வாங்க, பெற்றோர் காத்திருக்காங்க. மத்தவங்க வரிசையா வகுப்புக்குப் போங்க. ஆறாம் வகுப்பு முதல்ல.