இடமாற்றத்தை ஏற்க இயலாததால் பணியிலிருந்து விலகல்

பெறுநர்: சர்வீஸ் பிரிவு மேலாளர்
நகல்: மனிதவளப் பிரிவு
தேதி: 02.06.2025
பொருள்: 26.05.2025 தேதியிட்ட இடமாற்ற உத்தரவு, என் ராஜினாமா

வணக்கம் சார்,

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மே 26 அன்று வந்த இடமாற்ற உத்தரவை என்னால் ஏற்க முடியவில்லை, அதனால் வேலையிலிருந்து விலகுகிறேன். இந்த மெயிலையே என் ராஜினாமாக் கடிதமாக எடுத்துக்கொள்ளுங்கள். நியமனக் கடிதப்படி நான் தர வேண்டிய முன்னறிவிப்பு 60 நாள். இன்றைய தேதியையும் சேர்த்து எண்ணினால் அது ஜூலை 31, வியாழக்கிழமையோடு முடிகிறது. அதுவே என் கடைசி வேலை நாள். கையெழுத்துப் போட்ட பிரதியை இன்று மதியம் மனிதவளப் பிரிவில் நேரில் கொடுத்துவிடுகிறேன்.

காரணத்தை போனில் பாதிதான் சொன்னேன். அம்மாவுக்கு டயாலிசிஸ் நடப்பது உங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், காலை முதல் ஷிஃப்ட். அந்த நேரம் கிடைக்கவே நாங்கள் நெடுநாள் காத்திருந்தோம், வேறு ஊருக்குப் போனால் அங்கே மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அதைவிட முக்கியம், கடைசி அரை மணி நேரத்தில் அம்மாவுக்கு பிரஷர் இறங்கிவிடும், அவர் கையில் எந்த இடத்தில் ஊசி போட வேண்டும், எப்போது மெஷினின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே இருக்கும் நர்ஸ்களுக்குப் பழகிப்போய்விட்டது. முடிந்து வெளியே வரும்போது ஒரு ஆள் தோள் கொடுக்க வேண்டும். அந்த ஆள் நான்தான், வேறு யாரும் இல்லை. அம்மாவை இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் போவது, அவரையும் கூட்டிக்கொண்டு போவது, இரண்டையும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம், இரண்டுமே நடக்காது என்றுதான் முடிந்தது.

நீங்கள் "மூணு மாசம் போய்ப் பாரு, சரிவரலைன்னா அப்புறம் பேசிக்கலாம்" என்று சொன்னீர்கள். அக்கறையோடுதான் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும் சார், அதனால்தான் உடனே பதில் சொல்லாமல் அந்த வார இறுதி முழுக்க யோசித்தேன். ஆனால் அது புதிய கிளை, டெக்னீஷியன்களில் பாதிப் பேர் புதியவர்கள். அங்கே போய் உட்காருகிற ஒருங்கிணைப்பாளர் முதல் வாரத்திலிருந்தே அவர்களோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், எந்தக் கட்டடத்து லிஃப்ட் எப்படிப் படுத்தும் என்று பழக வேண்டும். ஒரு காலை இங்கே வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. மூன்று மாதம் கழித்து நான் திரும்பி வந்தால் அந்தப் பையன்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். முதல் நாளே திரும்பி வரும் எண்ணத்தோடு போவது அவர்களுக்கும் உங்களுக்கும் நான் செய்கிற நியாயம் இல்லை.

இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும். சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதற்கோ, உத்தரவை ரத்து செய்ய வைப்பதற்கோ இதை எழுதவில்லை. இடமாற்றம் என்னைத் தண்டிக்க வந்தது என்றும் நான் நினைக்கவில்லை. என் மேல் நம்பிக்கை வைத்துதான் அந்த இடத்துக்கு என் பெயரைச் சொன்னீர்கள், அதற்கு மனதார நன்றி. நிறுவனம் எந்தக் கிளைக்கு அனுப்பினாலும் போக வேண்டும் என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறது, நான் அதைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த நிபந்தனையோடு வாதாட எனக்கு விருப்பம் இல்லை. அதற்குக் கட்டுப்பட முடியாத நிலைமை வந்துவிட்டது, ஆகவே முறைப்படி விலகிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அதனால் ஒரு விஷயத்தை எழுத்தில் கேட்டுக்கொள்கிறேன். உத்தரவுப்படி நான் ஜூலை 1 அன்று புதிய கிளையில் சேர வேண்டும். என் முன்னறிவிப்புக் காலம் அதற்குப் பிறகும் ஒரு மாதம் ஓடுகிறது. உத்தரவு அப்படியே நின்றால், ஜூலை 1 முதல் நான் வேலைக்கு வரவில்லை என்று பதிவேட்டில் ஏறிவிட வாய்ப்பு உண்டு. அது யாருடைய எண்ணமும் இல்லை என்றாலும், பின்னால் அந்தப் பதிவைப் பார்ப்பவருக்குப் பின்னணி தெரியாது. ஆகவே உத்தரவை நிறுத்திவைத்து, ஜூலை 31 வரை நான் இதே அலுவலகத்தில்தான் வேலை பார்ப்பேன் என்றும், சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்றும் ராஜினாமாவை ஏற்கும் பதிலில் குறிப்பிட்டுவிடுங்கள். ஜூன் 6 வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பதில் கிடைத்தால் புதிய கிளைக்கு வேறு ஆளைத் தேடவும் உங்களுக்கு நேரம் இருக்கும்.

இடமாற்றத்துக்கான முன்பணம் மே 28 அன்று என் கணக்குக்கு வந்துவிட்டது. அதைத் தொடவில்லை. எந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கணக்குப் பிரிவு சொன்னால் அன்றைக்கே முழுத் தொகையையும் அனுப்பிவிடுகிறேன். சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வேண்டாம், இரண்டும் கலந்தால் கடைசிக் கணக்கு பார்க்கும்போது குழப்பம்தான் வரும்.

அடுத்தது என் கையில் இருக்கும் வேலைகள். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எல்லா லிஃப்ட்களின் ஒப்பந்த முடிவு தேதி, உரிமம் புதுப்பிக்க வேண்டிய தேதி, கடைசியாக மாற்றிய பாகங்கள் எல்லாம் பொது ஃபோல்டரில் ஒரே ஷீட்டில் இருக்கின்றன. அதில் இல்லாதவைதான் பிரச்சினை, அவை என் தலைக்குள் இருக்கின்றன. உதாரணத்துக்கு, நம் பராமரிப்பில் இருக்கும் மருத்துவமனையின் ஸ்ட்ரெச்சர் லிஃப்ட். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் அங்கிருந்து "லிஃப்ட் நின்னுடுச்சு" என்று போன் வந்தால், போர்டு போய்விட்டது என்று நினைத்து ஆளை அனுப்பக் கூடாது. பெரும்பாலும் கீழே பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அங்கிருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் லிஃப்டை நிறுத்தியிருக்கும். பம்ப் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் போக வேண்டும், தண்ணீரை இறைத்து, ஸ்விட்ச் காய்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஸ்விட்சை பைபாஸ் செய்து ஓட்டச் சொல்லி அங்கிருந்து அழுத்தம் வரும், நோயாளி காத்திருக்கிறார் என்று சொல்வார்கள். எவ்வளவு அழுத்தினாலும் செய்யக் கூடாது. பக்கத்து பிளாக் லிஃப்டை அவர்களுக்கு ஒதுக்கித் தரச் சொல்லிப் பராமரிப்பு அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் ஏற்பாடு செய்துவிடுவார். இது எந்த ஷீட்டிலும் இல்லை.

பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இன்னும் ரிலே கன்ட்ரோலர்தான் ஓடுகிறது, பாகங்கள் புதிதாகக் கிடைப்பதில்லை. பழுதான ரிலேக்களைத் தூக்கிப் போடாமல் ஸ்டோர் அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்திருக்கிறேன், நல்ல கான்டாக்ட்களைக் கழற்றிப் பயன்படுத்த. ஸ்டோரைச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது அவற்றைக் குப்பையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட குறிப்புகளை எல்லாம் கட்டடம் வாரியாக ஒரு ஆவணமாக எழுதத் தொடங்கிவிட்டேன், ஜூன் 20-க்குள் உங்களிடம் தருகிறேன்.

என் இடத்துக்கு யார் என்பது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால், இப்போது இரவு ஷிஃப்டில் அழைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பியைச் சொல்வேன். போன் வந்ததும் "உள்ளே யாராவது இருக்காங்களா" என்று முதலில் கேட்கிற ஆள் அவன். மற்றவர்கள் முகவரியைத்தான் முதலில் கேட்பார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் போனில் பேசி, கதவை நெம்பாமல், பதற்றப்படாமல் உட்கார வைத்து, நம் ஆள் போய்ச் சேரும் வரை துணைக்கு இருப்பது எல்லோருக்கும் வராது. ஒப்பந்தப் பேச்சுவார்த்தைதான் அவனுக்குப் புதிது, முக்கியமாக முழுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எந்தப் பாகம் அடங்கும், எது அடங்காது என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வரும் இடம். ஜூலையில் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தங்களுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன், நீங்கள் சரி என்றால் இந்த வாரத்திலிருந்தே அவனைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

டெக்னீஷியன்களிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் சொல்கிற நாளில் நானே நேரில் சொல்கிறேன், வேறு வழியாக அவர்கள் காதுக்குப் போவதை நான் விரும்பவில்லை.

மீதம் உள்ள விடுப்பை இந்த 60 நாளில் எடுக்கப் போவதில்லை, அம்மாவுக்கு எதிர்பாராமல் ஏதாவது ஆனால் தவிர. விதிப்படி அதற்குப் பணம் உண்டென்றால் கடைசிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப், அலுவலக போன், ஸ்டோர் சாவிகள், லிஃப்ட் கதவுச் சாவிக் கொத்து எல்லாவற்றையும் ஜூலை 31 மதியம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கிறேன். அனுபவச் சான்றிதழும் ரிலீவிங் லெட்டரும் அன்றைக்கே கிடைத்தால் நன்றாக இருக்கும்.

அடுத்து என்ன வேலை என்று இன்னும் முடிவு செய்யவில்லை சார். போட்டி நிறுவனம் எதனுடனும் பேசிக்கொண்டிருக்கவில்லை, அந்தச் சந்தேகம் யாருக்கும் வர வேண்டாம்.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். லிஃப்ட் கார் மேல் ஏறும்போது ஒரு ஆளைத் தனியாக அனுப்பாதே, எவ்வளவு அவசரமானாலும் அனுப்பாதே என்று நீங்கள் சொன்னதை இன்று வரை மீறியதில்லை. நம் பிரிவில் நான் இருந்த காலத்தில் எல்லோரும் மாலையில் முழுசாக வீடு திரும்பினார்கள். அதில் எனக்கும் பங்கு இருந்தது என்பது பெரிய நிறைவு. அம்மாவின் முதல் மாதங்களில் ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தீர்கள், ஒரு கேள்வி கேட்கவில்லை. அதை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

ஜூலை 31-க்குப் பிறகும் ஏதாவது கட்டடத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் என் சொந்த எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். காலையில் டயாலிசிஸ் நேரத்தில் மட்டும் எடுக்க முடியாது, மதியத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் பேசுகிறேன்.

பொறுப்பு ஒப்படைப்பு பற்றிப் பேச நாளை காலை 10 மணிக்கு உங்கள் அறைக்கு வரலாமா? அந்த நேரம் ஒத்துவராவிட்டால் வேறு நேரம் சொல்லுங்கள்.

அன்புடன்,
சர்வீஸ் ஒருங்கிணைப்பாளர்
லிஃப்ட் பராமரிப்புப் பிரிவு