ஜிஎஸ்டி செக்‌ஷனுக்கு இன்னும் ரெண்டு பேர் வேணும் சார்

சார் வணக்கம். போன வாரம் "கணக்கோட கொடு, பாக்கலாம்"னு சொன்னீங்க, நம்ம ஃபைலிங் ரிஜிஸ்டரையும் ஓவர்டைம் நோட்டையும் வச்சு போட்டிருக்கேன்.

க்வாட்டர்லி பார்ட்டிகள விட்டுட்டு மாசாமாசம் ஃபைல் பண்றவங்க மட்டும் போன ஏப்ரல்ல 140, இப்ப 212. ஆள் அன்னைக்கும் நாலு, இன்னைக்கும் நாலு. பில் என்ட்ரி, 2பி டேலி பண்றது, ஆர்1, 3பி எல்லாம் சேத்து ஒரு பார்ட்டிக்கு சராசரி 4 மணி நேரம், அப்போ மாசம் 848 மணி நேரம். ஃபோன், நோட்டீஸ் பதில், பேங்க் வேலை போக ஒருத்தருக்கு 150 மணி நேரம்தான் நிக்குது, நாலு பேருக்கு 600. 248 மணி நேரம் துண்டு விழுது. ஒருத்தர எடுத்தாலும் 98 விழும், அதனாலதான் ரெண்டு பேர் கேக்குறேன்.

இந்தத் துண்டு எங்க போய் அடிக்குதுன்னா 11ஆம் தேதி ஆர்1ல. போன மாசம் ஒரு டையிங் பார்ட்டிக்கு நாம 15ஆம் தேதிதான் போட்டோம், 14ஆம் தேதி எக்ஸ்போர்ட்டருக்கு வந்த 2பில அவங்க பில் எதுவும் இல்ல, அவரு ஜிஎஸ்டி தொகைய நிறுத்தி வச்சுட்டு மீதிய மட்டும் கொடுத்துட்டாரு. டையிங்காரரு கலர் கெமிக்கல் வாங்குற காசு சார் அது. லேட் ஃபீ ஒரு நாளைக்கு 50 ரூபாதான், அத நாம கட்டிரலாம், ஆனா பார்ட்டிக்கு நம்ம மேல இருந்த நம்பிக்கை போச்சுன்னா திரும்ப வராது.

இப்ப ஆள் எடுக்காததால ஆகுற செலவு. ஓவர்டைம் மாசம் 12,000. நம்ம தாமதத்துக்கு நாமளே கட்டுன லேட் ஃபீயும் வட்டியும் ஆறு மாசத்துல 51,000, மாசத்துக்கு 8,500. இதே ஆறு மாசத்துல 9 பார்ட்டி வேற ஆடிட்டர்கிட்ட போயிட்டாங்க, ஆளுக்கு 2,500 ஃபீஸ்னு வச்சா மாசம் 22,500. மொத்தம் 43,000. இடமில்லன்னு திருப்பி அனுப்புன புது பார்ட்டிகள இதுல சேக்கவே இல்ல.

எடுத்தா: டேலி, ஜிஎஸ்டி தெரிஞ்ச ஒருத்தருக்கு 22,000, பி.காம் முடிச்ச ஃப்ரெஷர் ஒருத்தருக்கு 14,000, தீபாவளி போனஸ பிரிச்சுப் போட்டா மாசம் 3,000, ஆக 39,000. ரெண்டு கம்ப்யூட்டர், டேபிளுக்கு ஒரு தடவ 80,000. போன பார்ட்டிங்க உடனே திரும்பி வரமாட்டாங்க, ஆனா இனிமே போறது நிக்கும், புதுசா 9 பேர சேத்தா அந்த 22,500 ஈடாயிடும்.

பில்ல எக்செல்ல வாங்கி இம்போர்ட் பண்ணலாமேன்னு கேப்பீங்க. பாதிப் பேர் இன்னும் கட்டப்பைலதான் பில் கொண்டு வர்றாங்க சார், அதுவும் 8ஆம் தேதிக்கு மேல.

10, 11 ஆனா பொண்ணுங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்திருக்காங்க, அவிநாசி பஸ்ஸுக்கு ஓடுறாங்க. ரெண்டு பேர் வேற வேலை தேடிட்டு இருக்காங்கன்னு எனக்கே தெரியும். அவங்க போனா பழைய பார்ட்டி விவரம் எல்லாம் அவங்களோடயே போயிடும்.

செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் இருக்கு, அதனால ஜூலை முதல் வாரமே சேத்தாதான் ரெண்டு ரவுண்டு ஃபைலிங் பழகுவாங்க. நீங்க சரின்னு சொன்னா திங்கக்கிழமையே விளம்பரம் கொடுத்துடறேன், டேலி டெஸ்ட் நானே வைக்கிறேன், ரிஜிஸ்டர் உங்க டேபிள்ல இருக்கு.